மாதிரித் தேர்வு அறிவிப்பு போடும் முன்: நேரம், இருக்கை, கேட் மூடும் விதி

சென்னையில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, "இந்த பேட்ச்சுக்கு மாதிரித் தேர்வு அட்டவணையை நீங்களே போட்டுவிடுங்கள்" என்று உங்களிடம் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். வாட்ஸ்அப்பில் நாலு வரி போட்டால் முடிந்துவிடும் வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஐம்பது பேர் ஒரே நேரத்தில் போன் செய்து "சார், எந்த ரூம்?" என்று கேட்டதைச் சமாளித்திருக்கிறேன். அந்தக் காலை உங்களுக்கு வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பேட்ச்சை எடுத்துக்கொள்கிறேன். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், ஓஎம்ஆர் தாள். தேர்வு ஜூன் 14, ஞாயிறு, காலை 9.30 முதல் 12.30 வரை. இடம் அண்ணா நகர் பக்கம் வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளி. வருகிறேன் என்று சொன்னவர்கள் 138 பேர். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், முறை இதேதான்.

1. இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தேதியை அறிவியுங்கள்

தேதியை முதலில் அறிவித்துவிட்டு இடம் தேடுவது வேண்டாம். குறைந்தது மூன்று வாரத்துக்கு முன்பே பள்ளித் தாளாளருக்குக் கடிதம் கொடுங்கள். அதில் தேதி, எத்தனை அறை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, குடிநீர், கழிப்பறை, மின்விசிறி, ஞாயிறன்று எந்த கேட்டைத் திறப்பார்கள் எல்லாவற்றையும் எழுதி, முன்பணம் கொடுத்த ரசீதோடு சேர்த்து ஒரு நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காவலாளியிடம் சாவி இல்லாமல் நிற்கும் காலையில் உங்களுக்கு உதவப்போவது அந்த நகல்தான்.

வாடகையை 1 மணி வரை என்று பேசிவிடாதீர்கள். பேட்ச்சில் சொல்வதை எழுதுபவர் துணையோடு எழுதும் மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர் இருந்தாலும், மூன்று மணி நேரத் தேர்வுக்கு அவருக்கு ஒரு மணி நேரம் கூடுதல். அதாவது 1.30 வரை எழுதுவார். 2.30 வரை என்று பேசுங்கள். அவருக்குத் தரைத்தளத்தில் தனி அறை, அந்த அறைக்குத் தனிக் கண்காணிப்பாளர். கர்ப்பிணிகளுக்கும் மாடி வேண்டாம். இவர்களைப் பற்றி அறிவிப்பிலேயே கேட்டுவிடுங்கள், அவர்களாகவே வந்து சொல்லட்டும் என்று இருக்கக் கூடாது. நான் சொல்லும் 138 பேர் பொது அறைகளில் உட்காருபவர்கள் மட்டும்.

கல்யாண மண்டபம் மலிவாகக் கிடைத்தாலும் எனக்கு அதில் விருப்பமில்லை. நாற்காலி இருக்கும், டெஸ்க் இருக்காது. மடியில் அட்டை வைத்து மூன்று மணி நேரம் வட்டம் நிரப்பியவர்களின் தாளைப் பார்த்தால் தெரியும், பாதி வட்டம் கோட்டைத் தாண்டியிருக்கும். முகூர்த்த நாளாக இருந்தால் கடைசி நேரத்தில் இடமே கைவிட்டும் போகலாம்.

அறைக்குள் போய் டெஸ்க்குகளை எண்ணுங்கள். ஓர் அறையில் நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து டெஸ்க், ஆக 20 பேர் என்று நான் கணக்கு வைத்தேன். 138 பேருக்கு ஆறு அறை நிறையும், ஏழாவது அறையில் 18 பேர். பள்ளியில் "நாற்பது பேர் உட்காரும் அறை" என்பார்கள். அது இருவர் நெருங்கி உட்காரும் கணக்கு, தேர்வுக்கு அந்தக் கணக்கு உதவாது.

அட்டவணை போடும்போது மற்ற தேர்வுகளின் தேதிகளையும் பாருங்கள். குரூப் 4 மாணவர்களில் பலர் காவலர் தேர்வு, ரயில்வே, எஸ்எஸ்சி எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்திருப்பார்கள். அந்த நாளில் வைத்தால் பாதி அறை காலியாகத்தான் இருக்கும்.

2. இரண்டு அறிவிப்பு போடுங்கள், ஒன்றில் எல்லாவற்றையும் அடைக்காதீர்கள்

முதல் அறிவிப்பு அட்டவணை மட்டும். தேர்வுகள் ஜூன் 14, ஜூன் 28, ஜூலை 12, ஜூலை 26, நான்குமே ஞாயிறு, எதற்கு எந்தப் பாடப்பகுதி. முதல் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு இதைப் போடுங்கள். தேதியோடு கிழமையையும் கட்டாயம் எழுதுங்கள். கிழமை இல்லாவிட்டால் "சார், அது சனிக்கிழமையா?" என்று ஆரம்பிக்கும்.

இரண்டாவது அறிவிப்பு அந்தந்தத் தேர்வுக்கு உரியது. வர வேண்டிய நேரம், இடம், அறை, இருக்கை, விதிகள். இது தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால், அதாவது ஜூன் 12 வெள்ளி மாலை வர வேண்டும். சீக்கிரம் போட்டால் மறந்துபோவார்கள், சனி இரவு போட்டால் பலர் பார்க்கவே மாட்டார்கள்.

இரண்டுக்கும் நடுவில் பெயர்ப் பட்டியல் மூடும் நேரம் ஒன்று வேண்டும். ஜூன் 10 புதன் இரவு 8 மணி என்று வைத்தேன். வருகிறவர்கள் தங்கள் பதிவு எண்ணை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். பெயரை அனுப்பச் சொன்னால் ஒரே பேட்ச்சில் நான்கு கார்த்திக், மூன்று பிரியா வருவார்கள். வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைப்பதும் இதற்கு உதவாது, அங்கே பலருடைய பெயருக்குப் பதில் ஒரு பூவோ சாமிப் படமோதான் இருக்கும்.

எட்டு மணிக்குப் பிறகு வருபவர்களைச் சேர்க்கவே கூடாதா? சேர்க்கலாம், ஆனால் போட்ட பட்டியலுக்குள் நுழைக்காமல் கடைசி அறையில் மிச்சமிருக்கும் இரண்டு இடத்தில் மட்டும். நடுவில் ஒருவரை நுழைத்தால் அவருக்குப் பின்னால் இருக்கும் எல்லோருடைய இருக்கையும் மாறும்.

3. இருக்கைப் பட்டியல்

சேர்ந்த வரிசைப்படி பதிவு எண் கொடுத்திருப்போம். ஒரே ஊர்க்காரர்கள், ஒரே விடுதிக்காரர்கள் ஒன்றாக வந்து சேர்ந்ததால் அவர்களுடைய எண்கள் அடுத்தடுத்து இருக்கும். அந்த வரிசையிலேயே உட்கார வைத்தால் நண்பர்கள் முழுக்க ஒரே அறையில். ஆகவே பட்டியலைக் குலுக்க வேண்டும். எக்செல்லில் பதிவு எண்ணுக்குப் பக்கத்துக் கட்டத்தில் இதைப் போட்டு, கடைசி வரை இழுத்து, அந்த எண்ணை வைத்து வரிசைப்படுத்துங்கள்:

```
=RAND()
```

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. இந்த எண் நிலையாக நிற்காது, கோப்பில் எங்கே கை வைத்தாலும் மாறும். மறுநாள் யாராவது அதே கோப்பைத் திறந்து மறுபடியும் வரிசைப்படுத்தினால் புதிதாக ஒரு பட்டியல் பிறந்துவிடும். மாணவர்கள் கையில் ஒன்று, அறைக் கதவில் இன்னொன்று. குலுக்கியவுடன் அந்தக் கட்டங்களை நகலெடுத்து மதிப்பாக மட்டும் ஒட்டிவிட்டு, பிடிஎஃப் ஆக்கி, அதிலிருந்து மட்டுமே பிரிண்ட் எடுங்கள்.

அடுத்தது வினாத்தாள் வகை. கேள்விகளின் வரிசையை மாற்றி நான்கு வகை அச்சடிப்போம். அவற்றுக்கு ஏ, பி, சி, டி என்று பெயர் வைக்காதீர்கள், விடைக் கட்டங்களின் பெயரும் அதுதான், மாணவர்கள் மாற்றி நிரப்புவார்கள். 1, 2, 3, 4 போதும். அறைக்குள் இப்படிக் கொடுங்கள், மேல் வரி கரும்பலகைப் பக்கம்:

```
1 3 1 3
2 4 2 4
3 1 3 1
4 2 4 2
1 3 1 3
```

முன்னால், பின்னால், பக்கத்தில், மூலையில், எங்கே திரும்பிப் பார்த்தாலும் தன் வகை கண்ணில் படாது. ஆனால் எண்ணிப் பாருங்கள், வகை 1 ஆறு, வகை 2 நான்கு, வகை 3 ஆறு, வகை 4 நான்கு. ஏழு அறையிலும் இதையே வைத்தால் 138 பேருக்கு வகை வாரியாக 42, 27, 41, 28 வேண்டும். "138-ஐ நாலால் வகுத்தால் 35" என்று வகைக்கு 35 அச்சடித்தவருக்கு வகை 1-இல் ஏழும் வகை 3-இல் ஆறும் குறையும், அதுவும் வினாத்தாள் கொடுக்கும் 9.15-க்குத்தான் தெரியவரும். அதனால் இரட்டை எண் அறைகளில் தொடக்கத்தை மாற்றிவிடுங்கள்:

```
2 4 2 4
3 1 3 1
4 2 4 2
1 3 1 3
2 4 2 4
```

இப்போது தேவை 36, 33, 35, 34 என்று கிட்டத்தட்டச் சமமாகிவிடுகிறது. வகைக்கு 37, மொத்தம் 148 அச்சடித்தால் ஒவ்வொன்றிலும் ஒன்றாவது மிஞ்சும். (ஏழாவது அறையை வரிசை வரிசையாக நிரப்புங்கள், நான்காவது வரிசையின் கடைசி இரண்டு டெஸ்க் காலி.) தனி அறையில் எழுதுபவருக்கும் இந்த மிச்சத்திலிருந்தே கொடுத்துவிடலாம்.

வெள்ளி இரவே அறை வாரியாக, இருக்கை வரிசையிலேயே வினாத்தாள்களை அடுக்கிக் கட்டிவிடுங்கள். அறைக் கண்காணிப்பாளர் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போனால் போதும். அவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று: வராதவரின் டெஸ்க்கில் அவருடைய தாள் அப்படியே இருக்கட்டும், பின்னால் இருப்பவரை முன்னால் கூப்பிட்டு இடத்தை நிரப்ப வேண்டாம். நல்லெண்ணத்தில்தான் செய்வார்கள், ஆனால் ஒருவர் நகர்ந்தால் ஒரே வகை பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும்.

டெஸ்க்கில் எண்ணைச் சாக்பீஸால் எழுதுங்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் பசை போகாது, அடுத்த முறை பள்ளியில் இடம் தர யோசிப்பார்கள்.

4. நேரத்தை எழுதும் விதம்

டிஎன்பிஎஸ்சி தேர்வு 9.30-க்குத் தொடங்குகிறது, 9 மணிக்கு மேல் வருபவர்களை உள்ளே விடுவதில்லை. மாதிரித் தேர்விலும் அதையே வையுங்கள், அந்தப் பழக்கத்துக்காகவும்தானே இதை நடத்துகிறோம்.

அறிவிப்பின் முதல் வரியில் "தேர்வு 9.30" என்று எழுதினால் மாணவர் மனதில் அந்த நேரம் மட்டும் உட்கார்ந்துவிடும், 9.25-க்கு கேட்டில் கூட்டம் நிற்கும். எனவே முதல் வரியில் 8.30 மட்டும் இருக்க வேண்டும். "8.30 முதல் 9.00 வரை வரலாம்" என்றும் எழுதாதீர்கள், எல்லோரும் 8.58-க்குத்தான் வருவார்கள். வர வேண்டிய நேரம் ஒரு வரி, கேட் மூடும் நேரம் தனி வரி.

ஞாயிறன்று மின்சார ரயில்கள் மற்ற நாட்களைவிடக் குறைவு, பராமரிப்பு வேலை இருந்தால் இன்னும் குறையும். செங்கல்பட்டு, தாம்பரம் பக்கமிருந்து வருபவர்கள் பரங்கிமலையில் இறங்கி மெட்ரோ மாறித் திருமங்கலமோ அண்ணா நகர் கிழக்கோ வரலாம், ஆவடி, திருவள்ளூர் பக்கம் என்றால் வில்லிவாக்கம். இந்த ஒரு வரியை அறிவிப்பில் சேர்த்தாலே பத்து போன் குறையும். சென்னையில் ஒரே பெயரில் இரண்டு மூன்று கிளை உள்ள பள்ளிகள் நிறைய. தெருப் பெயர், எந்தப் பக்க கேட், வரைபட இணைப்பு மூன்றும் வேண்டும். இணைப்பைப் போடும் முன் வேறு ஒருவருடைய போனில் திறந்து பாருங்கள்.

5. அறிவிப்பு இப்படி இருக்கலாம்

> குரூப் 4 மாதிரித் தேர்வு 1: ஜூன் 14, ஞாயிறு
>
> வர வேண்டிய நேரம்: காலை 8.30
> கேட் மூடும் நேரம்: 9.00
> ஓஎம்ஆர் தாள் 9.05, வினாத்தாள் 9.15, தேர்வு 9.30 முதல் 12.30 வரை. அறையை விட்டுக் கிளம்புவது 12.45.
>
> இடம்: (பள்ளிப் பெயர், தெரு, கேட், வரைபட இணைப்பு)
> வழி: பரங்கிமலை வழி மெட்ரோவில் திருமங்கலம், ஆவடி பக்கமிருந்து வில்லிவாக்கம்.
>
> உங்கள் அறை, இருக்கை எண்: இணைத்துள்ள பிடிஎஃப்பில் பதிவு எண்ணைத் தேடுங்கள். இருக்கை மாற்றித் தரப்பட மாட்டாது.
>
> கொண்டுவர வேண்டியவை: மைய அடையாள அட்டை, ஆதார் அல்லது வேறு புகைப்பட அடையாள அட்டை, கறுப்பு பால்பாயிண்ட் பேனா இரண்டு, தண்ணீர்.
>
> போனை அணைத்துப் பைக்குள் வைத்து, பையை அறையின் முன்பக்கம் வைக்க வேண்டும். ஸ்மார்ட் வாட்ச் அனுமதி இல்லை. நகை, அதிகப் பணம் வேண்டாம்.
>
> 9 மணிக்குப் பிறகு வருபவர்கள் 12.45-க்கு வினாத்தாளை வாங்கிக்கொண்டு வீட்டில் எழுதலாம். தரவரிசையில் சேராது.
>
> தரைத்தள அறை தேவைப்படுபவர்கள், எழுதுபவர் துணை தேவைப்படுபவர்கள் இன்று இரவு 9-க்குள் அலுவலக எண்ணுக்குச் செய்தி அனுப்பவும்.

"9 மணிக்குப் பிறகு" என்ற வரியை எழுதும்போது கொஞ்சம் கை நடுங்கும். இரண்டு பேருந்து மாறி வந்தவரை எப்படித் திருப்பி அனுப்புவது? அதனால்தான் அவருக்கு வினாத்தாள் உண்டு என்று முன்கூட்டியே சொல்கிறோம். ஆனால் 9.04-க்கு ஒருவரை உள்ளே விட்டால் 9.10-க்கு வந்தவர் கேட்கும் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. கேட்டில் நிற்பவர் மாணவர்களுக்குப் பழக்கமான ஆசிரியராக இல்லாமல் அலுவலக ஆளாக இருப்பது நல்லது. ஏழு அறைக்கு ஏழு பேர், கேட்டில் ஒருவர், மாற்றிவிட ஒருவர், தனி அறை இருந்தால் இன்னும் ஒருவர் வேண்டும்.

கேட்டுக்கு உள்ளே நுழைந்தவுடன் எல்லா அறைகளின் பட்டியலையும் ஓரிடத்தில் மட்டும் ஒட்டினால் அங்கே நெரிசல். ஏறுவரிசையில் பதிவு எண்களை இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்தில் ஒட்டுங்கள். அந்தத் தாளில் பதிவு எண்ணும் அறை எண்ணும் இருந்தால் போதும். போன் எண் இருக்கவே கூடாது, குறிப்பாக மாணவிகளுடையது.

6. குழுவில் போடும்போது

அறிவிப்பை எழுத்தாகப் போடுங்கள், படமாக அல்ல. படத்தில் இணைப்பை அழுத்த முடியாது, எண்ணைத் தேட முடியாது. போட்டவுடன் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி குழுவைப் பூட்டி, செய்தியை மேலே நிறுத்திவிடுங்கள். பூட்டாவிட்டால் நூறு "ஓகே சார்", "நன்றி சார்" வந்து அறிவிப்பு எங்கேயோ போய்விடும்.

திருத்தம் வந்தால் "ரூம் 3 மட்டும் மாற்றம்" என்று துண்டாக ஒரு வரி போடாதீர்கள். பழையதை நீக்கிவிட்டு, தலைப்பில் "திருத்தம் 1, ஜூன் 13 காலை 10 மணி" என்று எழுதி முழு அறிவிப்பையும் மறுபடியும் போடுங்கள். பழைய பிடிஎஃப் ஏற்கனவே பலர் போனில் இறங்கியிருக்கும், எனவே கோப்பின் பெயரிலும் திருத்த எண் வேண்டும். சனி மாலை 7 மணிக்கு ஒரு நினைவூட்டல்: 8.30, கேட் மூடுவது 9.00, அடையாள அட்டை. அவ்வளவுதான்.

7. செலவு

பெரிய செலவு அச்சுதான். இரு மொழியிலும் கேள்வி போட்டால் வினாத்தாள் 40 பக்கம் வரை வரும். 148 தாள் என்றால் 5,920 பக்கம், பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5,920 ரூபாய். மொத்தமாகக் கொடுப்பதால் திருவல்லிக்கேணி பக்கக் கடைகளில் பேசிக் குறைக்கலாம். அவர்களுக்கு இரண்டு நாளாவது கொடுங்கள். அவசரம் என்றால் பேரம் பேச முடியாது, பக்கம் விடுபட்ட தாளைச் சரிபார்க்கவும் நேரமிருக்காது.

ஓஎம்ஆர் தாளில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். இயந்திரத்தில் திருத்துவதானால் அச்சடித்த தடித்த தாளே வேண்டும். நகலெடுத்தால் ஓரக் குறிகள் சற்று நகர்ந்துபோகும், இயந்திரம் படிக்காது, பிறகு கையால் திருத்த வேண்டும்.

8. தேர்வு முடிந்த அன்றே பார்க்க வேண்டியது

தாள்களைக் கட்டும் முன், வினாத்தாள் வகை நிரப்பப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வோர் அறையிலும் பாருங்கள். நிரப்பாமல் விட்டாலோ தவறாக நிரப்பினாலோ வேறு வகையின் விடைக்குறிப்பில் திருத்தப்படும். வழக்கமாக 150 கேள்வி சரியாகச் செய்யும் மாணவருக்கு 45 என்று வந்தால், அவரைக் கூப்பிட்டுக் கேட்கும் முன் அந்த வட்டத்தையும் இருக்கைப் பட்டியலையும் ஒத்துப் பாருங்கள். எந்த டெஸ்க்கில் எந்த வகை என்று உங்களிடம் இருப்பதால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தமிழ்ப் பகுதியின் மதிப்பெண்ணைத் தனியாக அறிவியுங்கள். அதில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் உண்மைத் தேர்வில் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். மொத்த மதிப்பெண்ணை மட்டும் போட்டால் அந்த ஆபத்து மாணவர் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த தேர்வுக்குப் பட்டியலை மறுபடியும் குலுக்குங்கள்.

9. தள்ளிவைக்க நேர்ந்தால்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நடக்கும் தேர்வுகளுக்கு மழையையும் கணக்கில் வையுங்கள். காலையில் எழுந்து வானத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று இருக்காதீர்கள், செங்கல்பட்டு மாணவர் ஆறு மணிக்கே கிளம்பியிருப்பார். முதல் நாள் இரவு 8 மணிக்குள் முடிவு. அட்டவணையிலேயே மாற்றுத் தேதி ஒன்றைக் குறித்து, கடிதம் கொடுக்கும்போதே பள்ளியிலும் அந்தத் தேதியைச் சொல்லி வையுங்கள். தள்ளிவைத்தால் குழுவில் போட்டதோடு நிற்காமல், பட்டியலைப் பிரித்து அலுவலகத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேர் தூரத்திலிருந்து வருபவர்களுக்கு மட்டுமாவது போன் செய்துவிடுங்கள். கட்டிவைத்த வினாத்தாள்களைப் பிரிக்காமல் பூட்டி வையுங்கள், அதே இருக்கைப் பட்டியலே மாற்றுத் தேதிக்கும் செல்லும் என்று அந்தச் செய்தியிலேயே எழுதிவிடுங்கள்.